ஒரு முட்டையின் அடக்கவிலை 5.24 ரூபாய் வருகிறது. கணக்கில் எங்கே தவறுகிறேன்?

மோகனூர் பண்ணையாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதல் பேட்ச்சைக் கடந்த வாரம் விற்று முடித்துவிட்டு, முட்டை ஒன்றுக்கு எவ்வளவு அடக்கம் ஆனது என்று கணக்குப் போட்டேன். 5.24 ரூபாய் வருகிறது. இதே தீவனத்தை இதே விலைக்கு வாங்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் தமக்கு 4.70 ரூபாய்க்கு மேல் போகவில்லை என்கிறார். 54 காசு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

நான் இறக்கியவை 10,000 குஞ்சுகள். 18 வாரம் முடிந்து கூண்டில் ஏற்றும்போது 9,500 இருந்தன. அதுவரை குஞ்சு விலை, தீவனம், தடுப்பூசி, கூலி, மின்சாரம் எல்லாம் சேர்த்து 26,60,000 ரூபாய் செலவு. கோழி ஒன்றுக்கு 280 ரூபாய். அதன்பின் 54 வாரங்களில் 29,20,000 முட்டைகள் கிடைத்தன. அதற்குள் 600 கோழிகள் இறந்தன. முட்டைப் பருவத் தீவனம் கிலோ 28 ரூபாய்.

என் கணக்கு இது: தீவனம் 3.67, கோழி வளர்ப்பு 91 காசு, குஞ்சும் கோழியுமாக இறந்த 1,100-க்குத் தலா 280 வீதம் 10.5 காசு, கொட்டகைத் தேய்மானம் 7.5 காசு, கொட்டகைக் கடன் தவணை 23 காசு, கூலி, மருந்து, மின்சாரம் 25 காசு.

பரமத்தி வேலூர்

இவ்வளவு நுணுக்கமாகப் போக வேண்டியதில்லை, தம்பி. எங்கள் பகுதியில் தீவனச் செலவை 0.75 ஆல் வகுத்துவிடுவோம், அதுவே அடக்கவிலை. 3.67-ஐ வகுத்தால் 4.89 வருகிறது. நீங்கள் அதைவிட 35 காசு மேலே இருப்பதால் எதையோ இரண்டு முறை சேர்த்திருக்கிறீர்கள் என்பது மட்டும் உறுதி.

மேய்ச்சல் கோழி

எங்களிடம் 200 நாட்டுக்கோழிகள் தோப்பில் மேய்கின்றன. தீவனத்தில் பாதியை அவையே தேடிக்கொள்வதால் எங்களுக்குத் தீவனம் ஒரு செலவாகவே தெரிவதில்லை. கீரியும் பருந்தும் தூக்கிச் செல்வதே பெரிய நட்டம். குஞ்சுகள் சாகாமல் பார்த்துக்கொண்டால் உங்கள் அடக்கவிலையும் தானாக இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

பண்ணைக் கணக்கர்

20 ஆண்டுகளாக முட்டைப் பண்ணைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். உங்கள் பேரேட்டில் தொகைகள் சரியாகவே இருக்கின்றன. அவற்றை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள் என்பதில்தான் பிழை.

முதலில் கோழியை எடுத்துக்கொள்வோம். 26,60,000 ரூபாயை 29,20,000 முட்டைகளின் மேல் முழுதாக ஏற்றியிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் 8,900 கழிவுக் கோழிகளை விற்றிருப்பீர்கள் அல்லவா? தலா 90 ரூபாய் கிடைத்திருந்தால் 8,01,000 ரூபாய் திரும்பி வந்துவிட்டது. எனவே முட்டைகள் சுமக்க வேண்டியது 18,59,000 மட்டுமே. முட்டைக்கு 64 காசு. உங்கள் வித்தியாசத்தில் பாதி இங்கேயே போய்விடுகிறது.

அடுத்து இறப்பு. வளர்ப்புச் செலவை 10,000 ஆல் வகுக்காமல் உயிரோடு இருந்த 9,500 ஆல் வகுத்து 280 என்று எழுதியபோதே, செத்த 500 குஞ்சுகளின் செலவு பிழைத்தவற்றின் தலையில் ஏறிவிட்டது. கூண்டில் இறந்த 600 கோழிகளும் அப்படித்தான். அவை இடாத முட்டைகள் உங்கள் 29,20,000-இல் இல்லை, விற்காத கோழிகள் அந்த 8,900-இல் இல்லை. ஆகவே 10.5 காசு என்ற வரியை முழுவதுமாக அடித்துவிடுங்கள்.

மூன்றாவது கொட்டகை. உங்கள் 7.5 காசைப் பார்த்தால், 20 லட்சம் கட்டடத்துக்கு 20 ஆண்டு, 10 லட்சம் கூண்டுக்கும் குழாய்க்கும் 10 ஆண்டு என்று வைத்து ஆண்டுக்கு 2 லட்சம் பிடித்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 54 வாரத்தோடு கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காலியாகக் கிடக்கும் 3 வாரத்தையும் சேர்த்திருந்தால் அது சரி. ஆனால் கடன் தவணையில் இருக்கும் அசல் என்பது அதே கொட்டகையின் விலைதான். தேய்மானத்தையும் அசலையும் ஒருசேர எழுதினால் ஒரே சுவரை இரண்டு முறை கட்டியதாக ஆகிவிடும். வங்கிக் கணக்கு அறிக்கையில் வட்டியை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். தவணை கையில் இருக்கும் பணத்தைப் பற்றியது. அடக்கவிலையில் அதற்கு இடமில்லை.

0.75 வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தீவன விலை ஓரளவு நிலையாக இருக்கும்போது அது பக்கத்தில் கொண்டுபோய் விடும். மக்காச்சோளம் ஏறித் தீவனம் 32 ரூபாய் ஆனால், தீவனச் செலவு 4.19 ஆகிறது, வகுத்தால் 5.59 என்று காட்டும். உண்மையில் கூலியும் கொட்டகையும் தீவனத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை என்பதால், பக்கத்துப் பண்ணையின் 4.70-இல் தொடங்கினால் 5.22 அளவில்தான் நிற்கும்.

மோகனூர் பண்ணையாளர்

மிக்க நன்றி, ஐயா. தேய்மானம் நீங்கள் ஊகித்தபடியேதான் போட்டேன். கழிவுக் கோழியும் சரியாக 90 ரூபாய்க்குத்தான் போனது. வட்டி மட்டும் 3,21,000 ரூபாய், அதாவது 11 காசு. எரு விற்றதில் 5 காசு கழிகிறது. இப்போது 4.70 வருகிறது.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 500 குஞ்சுகளில் 320 முதல் பத்து நாளிலேயே போயின. காலையில் புரூடர் தகட்டை விலக்கிப் பார்த்தால் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக நெரிந்து கிடக்கும். அத்தனை இழப்புக்கும் அடக்கவிலையில் இடமே இல்லை என்பதை மனம் ஏற்கவில்லை.

பண்ணைக் கணக்கர்

இடம் இருக்கிறது, அது அந்த 4.70-க்குள்ளேயே அடங்கிவிட்டது; ஆனால் நீங்கள் எண்ணிய அளவு இல்லை. பத்து நாளில் இறந்த குஞ்சு 280 ரூபாயை இழக்கச் செய்வதில்லை; குஞ்சு விலை 45 ரூபாயும் சிறிது தீவனமும்தான் போகின்றன. பிந்தி இறந்தவற்றையும் சேர்த்துச் சராசரி 90 ரூபாய் என்று கொண்டாலும் 45,000 ரூபாய். முட்டைக்கு ஒன்றரைக் காசு. கூண்டில் பாதிக் காலத்தில் இறக்கும் கோழியோ மீதி வளர்ப்புச் செலவையும் கழிவு விலையையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. அந்த 600 கோழிகளால் ஏறத்தாழ 4 காசு.

இவை இரண்டையும்விட முட்டைச் சதவீதத்தைப் பாருங்கள். உங்கள் சராசரி 84. ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் தின்றால் முட்டைக்கு 131 கிராம் தீவனம் ஆகிறது. சதவீதம் 83-க்கு இறங்கினால் அது மட்டுமே 4 காசுக்கு மேல் ஏற்றிவிடும். நெரிந்த குஞ்சுகளில் நான் அஞ்சுவது செத்தவற்றை அல்ல. பக்கத்தில் குளிரில் ஒடுங்கி நின்று எடை ஏறாமல் போனவற்றைத்தான். அவை பிந்தி முட்டைக்கு வரும், உச்சத்தையும் தொடாது.

ராசிபுரம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 4.70-இலும் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் முட்டை வருவதற்கு முன்பே முடங்கும் 26 லட்சத்துக்குச் சொந்தப் பணமானாலும் வட்டி போட வேண்டும். குஞ்சுக் கொட்டகையின் தேய்மானம் எங்கும் காணவில்லை. விரிசல் முட்டைகளையும் நல்ல முட்டைகளாகவே எண்ணி வகுத்திருக்கிறீர்கள்.

பண்ணைக் கணக்கர்

குஞ்சுக் கொட்டகையும் விரிசலும் நான் விட்டவைதான். இரண்டையும் சேர்க்க வேண்டும். சொந்தப் பணத்துக்கு வட்டி போடுவதை நான் தனி வரியாக, அடக்கவிலைக்குக் கீழே எழுதுவேன். நாமக்கல் மண்டல விலை இறங்கும் நாளில் கோழியை வைத்திருப்பதா கழிப்பதா என்று முடிவு செய்யும்போது அந்த வட்டி குழப்பத்தையே தரும்.

ராசிபுரம்

அந்த ஒரு நாளைய முடிவுக்கு அது பொருந்தும். அடுத்த பேட்ச் இறக்கலாமா என்று பார்க்கும்போது பொருந்தாது.

மோகனூர் பண்ணையாளர்

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். 34-ஆம் வாரத்தில் 93 சதவீதம் இருந்தது 37-ஆம் வாரத்தில் 87 ஆகியிருக்கிறது. தீவனம் மாறவில்லை, இறப்பும் கூடவில்லை. இன்று காலியான கொட்டகையில் குழாயைத் திறந்து ஒவ்வொரு நிப்பிளாக அழுத்திப் பார்த்ததில், கடைசி இரண்டு வரிசைகளின் கோடியில் நீர் துளித்துளியாகவே வருகிறது. அந்த வாரங்களிலும் இப்படித்தான் இருந்ததா என்று சொல்ல என்னிடம் குறிப்பு இல்லை. அடுத்த பேட்ச்சில் வரிசை வாரியாக முட்டையை எண்ணி எழுதப் போகிறேன்.