புதுப்பிப்பு: அந்த கோப்ரோ எதுவென்று தெரிந்துவிட்டது

“படத்தில் இருப்பது ஹீரோ 9 தானா? பழையது, முதல் கேமரா, வாங்கலாமா?” என்று கேட்டிருந்தேன்.

முன்னால் கலர் திரை இருப்பதால் 9 தான் என்றார் ஒருவர். பாதி சரி, ஹீரோ 8-இல் அது இல்லை, ஆனால் 10, 11-க்கும் அதே முகம். இன்னொருவர் லோகோ நீலமா பாருங்கள், நீலம் என்றால் 9 இல்லை, பக்கவாட்டில் எண்ணும் இருக்கும் என்றார். விற்பவரிடம் வேறு படம் கேட்டு வாங்கினேன், நீலத்தில் 10! (நடுவில் ஒருவர் தன் ஹீரோ 8 பேட்டரி இதில் சேருமா என்றார். சேராது.)

நேரில் Preferences > About > Camera Info பார்த்தேன், அதிலும் 10. ஆனால் பேட்டரி கதவின் ரப்பர் ஓரம் கிழிந்திருந்தது, 10 மீட்டர் தண்ணீர் தாங்குவது அந்தக் கதவு ஒழுங்காக மூடினால்தான். விற்பவர் விலை குறைத்தார், வாங்கிவிட்டேன். புதுக் கதவு எங்கே கிடைக்கும்?