எத்தியோப்பிய மாணவிக்கு 'சர்நேம்' எது? படிவம் நிரப்பியவர்களின் அனுபவங்கள்

சேர்க்கைப் பிரிவு எழுதியது:

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கையைப் பார்க்கிறேன். போன ஆண்டு நானே செய்த ஒரு குளறுபடி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

எத்தியோப்பியாவிலிருந்து ஒரு மாணவி வந்தார். பெயரை மாற்றி ஹனா என்று வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் HANA TESFAYE WOLDEGIORGIS என்று மூன்று சொல். ஆன்லைன் விண்ணப்பத்தில் முதல் பெயர் ஹனா, கடைசிப் பெயர் தெஸ்ஃபாயே என்று அவரே நிரப்பியிருந்தார். பாஸ்போர்ட்டைத் திறந்தால் சர்நேம் என்ற இடத்தில் வொல்டெகியோர்கிஸ். கிவன் நேம் என்ற இடத்தில் 'ஹனா தெஸ்ஃபாயே'. மூன்று ஆவணம், மூன்று விதம்.

தெஸ்ஃபாயே அவருடைய அப்பா பெயர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். சரி, நம்ம ஊர் மாதிரிதானே, அப்பா பெயர் என்றால் இனிஷியல் என்று T. HANA என அடையாள அட்டை அடித்துக் கொடுத்துவிட்டேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு. அடுத்த வாரம் வங்கியில் கணக்குத் தொடங்கப் போனவர் அப்படியே திரும்பி வந்தார். அட்டையும் பாஸ்போர்ட்டும் ஒரே ஆள் என்று அங்கே ஒத்துக்கொள்ளவில்லை.

"சார், இந்த T யாரு?" என்று கேட்டார். உங்க அப்பாதான் என்றேன். "அப்பா எப்படி எனக்கு முன்னால வந்தார்?"

பதில் இல்லை என்னிடம். இந்த ஆண்டு படிவத்தையே மாற்றலாம் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். என்ன கட்டங்கள் வைப்பது? இவர்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.

டிக்கெட் மணி:

இதில் குழம்ப என்ன இருக்கிறது? தாத்தா பெயர்தான் அவர்களுக்குச் சர்நேம். ஆப்பிரிக்கா பக்கம் டிக்கெட் போட்டுப் போட்டுப் பழகியவன் நான். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று என்ன இருக்கிறதோ அதை அப்படியே அடிக்க வேண்டியதுதான். உங்கள் படிவத்திலும் அதையே போடுங்கள், வேலை முடிந்தது.

ஒற்றைப்பெயர்:

அண்ணே, இதே பிரச்சினை எனக்கும். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. அமெரிக்க விசாவில் அதனாலேயே இருந்த ஒரே பெயரைச் சர்நேம் ஆக்கி, முதல் பெயர் இடத்தில் FNU, அதாவது First Name Unknown, என்று ஒட்டிக் கொடுத்தார்கள். ஆபீசில் முதல் நாள் ஒருவர் வந்து "ஹலோ ஃப்னு" என்று கைகொடுத்தார். அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துப் புதுப் பாஸ்போர்ட் எடுத்த பிறகுதான் நிம்மதி. அந்தப் பெண்ணையும் அப்படியே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கோண்டர் வாத்தியார்:

ஒற்றைப்பெயர் தம்பி, உங்கள் கதை வேறு. உங்களுக்குச் சர்நேம் கட்டம் காலி. ஹனாவுக்கு எதுவும் காலியில்லை, பெயர் முழுசாகவே இருக்கிறது. நம் கட்டம்தான் அதற்குப் பொருந்தவில்லை.

ஆறு வருஷம் எத்தியோப்பியாவில் கோண்டர் என்ற ஊரில் பாடம் எடுத்தேன். அங்கே போன முதல் நாள் எனக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். மூன்று கட்டம்: ஸிம், யெஅபாத் ஸிம், யெஅயாத் ஸிம். பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர். 'K' என்ற ஒற்றை எழுத்தோடு நாற்பது வருஷம் ஓட்டியவன், தாத்தாவின் முழுப்பெயரை எழுத ஊருக்குப் போன் போட்டேன்.

மூன்று பேரும் மூன்று தனி ஆட்கள். இதில் குடும்பப் பெயர் என்று எதுவும் கிடையாது. வகுப்பில் அபெபே நாலு பேர் இருந்தால் அப்பா பெயரைச் சேர்த்துப் பிரிப்பார்கள். தாத்தா பெயர் பெரும்பாலும் சான்றிதழிலும் அரசாங்கக் காகிதத்திலும்தான் வரும். ஹனா கடைசிப் பெயர் தெஸ்ஃபாயே என்று நிரப்பியது அதனால்தான். தன்னை யாராவது பேர் கேட்டால் இரண்டு சொல்லில் முடித்துப் பழகியவர். வேடிக்கை என்னவென்றால், 1960-இல் வந்த அவர்களுடைய சிவில் சட்டம் ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று சொல்கிறது. ஊர் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

மணி சார் சொன்னது டிக்கெட்டுக்குச் சரி. டிக்கெட் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஆனால் அதையே குடும்பப் பெயர் என்று நம்பினால் எங்கே இடிக்கும் பாருங்கள். ஹனாவின் அப்பா மூன்று சொல்லில் எழுதினால், ஒரு பேச்சுக்கு, தெஸ்ஃபாயே வொல்டெகியோர்கிஸ் பெகெலே. மகளின் 'சர்நேம்' வொல்டெகியோர்கிஸ், அப்பாவின் 'சர்நேம்' பெகெலே. தலைமுறைக்குத் தலைமுறை ஒரு படி நகரும். அம்மா பெயரில் இவை எதுவுமே இருக்காது. நம் ஊரில் கல்யாணம் ஆனால் இனிஷியல் மாறுகிற மாதிரி பெண்கள் அங்கே பெயரை மாற்றுவதில்லை. ஓட்டக்காரிகள் திருநெஷ் டிபாபா, கென்சேபே டிபாபா இரண்டு பேரும் அக்கா தங்கை. டிபாபா அவர்களுடைய அப்பா. திருநெஷின் பிள்ளைக்கு அந்தப் பெயர் இரண்டாவது சொல்லாகத் தானாக வராது, கணவர் பெயர்தான் வரும்.

உறவு சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். பிள்ளையின் இரண்டாவது, மூன்றாவது பெயரும் அப்பாவின் முதல், இரண்டாவது பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைசிப் பெயரோடு கடைசிப் பெயரை வைத்துப் பார்த்தால் யாருமே யாருக்கும் அப்பா ஆக மாட்டார்கள்.

சேர்க்கைப் பிரிவு:

ஐயோ சார். கட்டணத்துக்கு அப்பாவின் வங்கி அறிக்கை வந்தபோது "சர்நேம் வேறாக இருக்கிறது, உறவுச் சான்று கொண்டு வா" என்று திருப்பி அனுப்பியவனும் நான்தான். அதில் பெயர் கிட்டத்தட்ட நீங்கள் எழுதிய மாதிரியேதான் இருந்தது.

ஸ்கார்பரோ அக்கா:

நான் கனடாவில் ஒரு மருத்துவமனை வரவேற்பில் இருக்கிறேன். எங்களுக்கு எத்தியோப்பியா, எரித்திரியா ஆட்கள் நிறைய வருவினம்.

ஒருநாள் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஸ்கேனுக்குக் கூப்பிட வேணும். திரையில் இருந்த கடைசிப் பெயரை 'மிஸஸ்' போட்டு மூன்று தரம் கூப்பிட்டேன். யாரும் எழும்பவில்லை. வரவில்லை என்று பதிந்துபோட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டேன். முக்கால் மணித்தியாலம் கழித்து ஒரு பிள்ளை வந்து, "என் பெயர் எப்ப வரும்?" என்று கேட்டது. அட்டையைப் பார்த்தால் அவதான். முன் வரிசையிலேயே இருந்திருக்கிறா. நான் கூப்பிட்டது அவவின் தாத்தாவை. அவர் செத்துப் பத்து வருஷமாம்.

பக்கத்தில் இருந்த கணவரை வேறு நான் அதே பெயரில் 'மிஸ்டர்' என்று கூப்பிட்டேன். மனைவியின் தாத்தா பெயரில்! மனிசன் சிரித்தார், நல்லவர். பிள்ளை பிறந்ததும் கையில் கட்டுகிற பட்டியில் அம்மாவின் கடைசிப் பெயர்தான் வரும், எங்கள் முறை அது. பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயரில் அந்தப் பெயருக்கு இடமே இல்லை. இரண்டையும் ஒரே பிள்ளைக்கு உரியது என்று இணைக்க ஒவ்வொரு முறையும் ஆரோ ஒருவர் உட்கார்ந்து கையால் செய்ய வேணும்.

இப்ப நான் முதல் பெயரில்தான் கூப்பிடுவேன். அது அவர்களுக்கு மரியாதைக் குறைவு இல்லை. மிஸ்டர், மிஸஸ் மாதிரி அவர்கள் சொல்லுகிற அட்டோ, வெய்செரோ எல்லாம் முதல் பெயரோடுதான் ஒட்டும்.

கோண்டர் வாத்தியார்:

ஆமாம் அம்மா. உலக சுகாதார அமைப்பின் தலைவரை எல்லோரும் டாக்டர் டெட்ரோஸ் என்பது அதனால்தான். கெப்ரெயெசுஸ் அவருடைய பெயரின் கடைசிச் சொல், அவரைக் கூப்பிடுகிற பெயர் இல்லை.

இன்னொன்றை விட்டுவிட்டேன். வொல்டெகியோர்கிஸ் ஒரே பெயர். 'ஜார்ஜின் மகன்' என்று பொருள், புனித ஜார்ஜ். ஹனாவின் பாஸ்போர்ட்டில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள், அதிர்ஷ்டம். WOLDE GIORGIS என்று இடம் விட்டு எழுதுகிறவர்களும் உண்டு. அப்போது படிவம் 'கியோர்கிஸ்' மட்டும் சர்நேம், 'வொல்டெ' நடுப்பெயர் என்று வெட்டிப் போடும். 'வொல்டெ' என்றால் வெறும் 'மகன்'. நம் ஊரில் அப்துல் ரஹ்மானை அப்துல் என்று மட்டும் எழுதி நிறுத்துகிற கதைதான். கெப்ரெ, ஹைலே, தெக்லெ என்று தொடங்குகிற பெயர்களில் கவனம் வேண்டும். ஆனால் ஹைலே தனிப் பெயராகவும் வரும், ஓட்டக்காரர் ஹைலே மாதிரி. அதனால் நீங்களாக ஒட்டவும் கூடாது, வெட்டவும் கூடாது. கேளுங்கள்.

முன்பு எத்தியோப்பியாவை ஆண்ட மெங்கிஸ்து ஹைலே மரியாமுக்கு 'ஹைலே மரியாம்' அப்பா பெயர், இரண்டு சொல்லாக. 2012 முதல் 2018 வரை பிரதமராக இருந்த ஹைலெமரியாம் தெசலேனுக்கு அதே பெயர் சொந்தப் பெயர், ஒரே சொல்லாக. எந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்?

டேபிள் செல்வன்:

மாணவர் பதிவு மென்பொருள் எழுதுகிறவன். First, Last என்ற இரண்டு கட்டத்தையும் தூக்கிவிடுங்கள். இப்படி வைக்கலாம்:

```
full_name      HANA TESFAYE WOLDEGIORGIS
call_name      HANA
passport_mrz   WOLDEGIORGIS<<HANA<TESFAYE
father_name    TESFAYE
```

முழுப்பெயர் ஒரே கட்டம், அவர் சொல்கிற வரிசையில். மூன்றாவதை யாரும் யோசித்து நிரப்பக் கூடாது. பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கிற முதல் வரியில் ETH என்ற நாட்டுக் குறிக்கு அப்புறம் இருப்பதை அப்படியே எடுக்க வேண்டும். இரட்டை << வரைக்கும் சர்நேம், அதற்குப் பின்னால் மற்றவை. விசா, வெளிநாட்டவர் பதிவு, வங்கி எல்லாவற்றுக்கும் அதிலிருந்து போகட்டும். சான்றிதழுக்கு full_name. முதல் இரண்டையும் மாணவர் நிரப்பட்டும், மூன்றாவது ஸ்கேனரில் இருந்து வரட்டும். full_name-ஐ உடைத்து மற்றதைத் தயாரிக்கிற புரோகிராமை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கோண்டர் வாத்தியார்:

நான்காவது வரி போதாது. நம் ஊர்ப் படிவத்தில் தகப்பனார் பெயர் என்றால் அவருடைய முழுப்பெயர் வேண்டும். தெஸ்ஃபாயே என்று மட்டும் போட்டால் அந்த வங்கி அறிக்கை மறுபடியும் திரும்பும். அவர் ஆவணத்தில் இருக்கிற மாதிரி மூன்று சொல்லும் வரட்டும்.

அகர வரிசை எப்படி? எத்தியோப்பியாவில் ஹனா H-இல் வருவார். பஹ்ரு செவ்தே என்ற வரலாற்று ஆசிரியரை நூலகங்கள்கூட B-இல்தான் வைக்கின்றன. நம் ஆய்வேடுகளில் Zewde, B. என்று திருப்பிப் போட்டு ஆளையே தொலைத்துவிடுகிறார்கள்.

டேபிள் செல்வன்:

தகப்பனார் பெயர், ஒத்துக்கொள்கிறேன். அகர வரிசையில் எனக்குச் சந்தேகம். நாளைக்கு ஒரு நேபாளி, ஒரு ஜெர்மன்காரர் அதே பட்டியலில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசையா? எல்லோரையும் முழுப்பெயரின் முதல் எழுத்தில் அடுக்கினால் ஜெர்மன்காரர் சண்டைக்கு வருவார்.

டிக்கெட் மணி:

ரோல் நம்பரில் அடுக்குங்கப்பா.

சேர்க்கைப் பிரிவு:

இன்று ஹனாவிடம் இதைக் காட்டினேன். call_name கட்டம் பிடித்திருக்கிறது. தகப்பனார் பெயரை அவரே மூன்று சொல்லில் எழுதிக் கொடுத்தார். அப்பா ஆவணத்தில் தாத்தா பெயர் WELDEGIORGIS, இவர் பாஸ்போர்ட்டில் WOLDEGIORGIS. அவர்களுடைய அம்ஹாரிக் மொழியில் ஒரே எழுத்துதானாம், ஆங்கிலத்தில் எழுதிய குமாஸ்தா வேறு. வாத்தியார் சொன்ன மாதிரி இரண்டு-மூன்றை ஒன்று-இரண்டோடு வைத்துப் பார்த்தேன், பொருந்துகிறது, O ஒன்றைத் தவிர. அந்த O-வுக்குக் கணக்குப் பிரிவு என்ன சொல்லும் என்று திங்கட்கிழமைதான் தெரியும்.

புது அட்டை அச்சாகிவிட்டது, முழுப்பெயரோடு. விடுதிப் பட்டியலில் மட்டும் இன்னும் T. HANA. அது வேறு மென்பொருள்.