வயசும் ஞாபக சக்தியும்: க்ராஸ் செக்‌ஷனல் எடுத்துட்டேன், கைடு ஒத்துக்கல, இப்ப என்ன பண்றது?

மலர்_சைக்: எம்.ஏ சைக்காலஜி கடைசி வருஷம். 20கள்ல 30 பேர், 40கள்ல 30 பேர், 60கள்ல 30 பேர்னு மொத்தம் 90 பேர்கிட்ட நம்பர் வரிசையைச் சொல்லி அதைத் தலைகீழா திருப்பிச் சொல்ல வெச்சு ஸ்கோர் எடுத்தேன். 60கள்ல இருக்கறவங்க ஸ்கோர் நல்லாவே கம்மி. "வயது கூடக்கூட ஞாபக சக்தி குறைகிறது"ன்னு எழுதிக் குடுத்தேன், கைடு அந்த வரியை மட்டும் சிவப்புல அடிச்சு "இதை நீ பார்க்கவே இல்லையே"ன்னு எழுதியிருக்காங்க. சப்மிட் பண்ண இன்னும் 5 மாசம் இருக்கு. லாங்கிட்யூடினலா மாத்திடணுமா?

குமரன்: ஆமா மாத்திடுங்க. மாற்றத்தைப் பத்தி பேசணும்னா அதே ஆளைத்தான் திரும்பத் திரும்ப பார்க்கணும், க்ராஸ் செக்‌ஷனல்ல ஒரு நேரத்துல ஒரு தடவைதான பார்க்கறீங்க. அதே 90 பேர்கிட்ட 4 மாசம் கழிச்சு இன்னொரு தடவை எடுத்துட்டா முடிஞ்சது.

பழைய_வாத்தியார்: குமரன் சொல்ற முதல் பாதி சரி, ரெண்டாவது பாதியில சிக்கல் இருக்கு. உங்க கேள்வி 40 வருஷத்துல நடக்கற மாற்றம் பத்தினது, 4 மாசத்துல அது கண்ணுக்கே தெரியாது. தெரிஞ்சா ஸ்கோர் கொஞ்சம் ஏறித்தான் தெரியும், ஏன்னா ரெண்டாவது தடவை அவங்களுக்கு டெஸ்ட் பழகியிருக்கும். அதை வெச்சு "வயசாக ஆக ஞாபகம் கூடுது"ன்னா எழுதுவீங்க?

கைடு ஏன் அடிச்சாங்கன்னு புரிய அமெரிக்காவுல சியாட்டில்ல நடந்ததைப் பாருங்க. வார்னர் ஷைங்கற சைக்காலஜிஸ்ட் 1956ல 20கள்லேர்ந்து 60கள் வரைக்கும் 500 பேரை டெஸ்ட் பண்ணினார். உங்களை மாதிரியே வயசு வாரியா அடுக்கிப் பார்த்தா நடு வயசுலயே பல திறமை இறங்கற மாதிரி இருந்தது. 7 வருஷம் கழிச்சு 1963ல அதே ஆளுங்கள்ல கிடைச்சவங்களை மறுபடி டெஸ்ட் பண்ணினார், அப்புறமும் 7 வருஷத்துக்கு ஒரு தடவை அது தொடர்ந்தது. அதே ஆளைப் பின்தொடர்ந்து பார்த்தா பெரும்பாலான திறமைகள் 60 வயசு வரைக்கும் பெருசா இறங்கல, வேகம் சம்பந்தப்பட்டது மாதிரி சிலது முன்னாடியே இறங்குச்சு. அப்ப முதல்ல தெரிஞ்ச இறக்கம் எங்கேர்ந்து வந்தது? பெரியவங்க கம்மியா படிச்ச தலைமுறை, அந்த வித்தியாசம் வயசோட வித்தியாசம் மாதிரி தெரிஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் புதுசாவும் ஆளுங்களைச் சேர்த்தார், அதனாலதான் டெஸ்ட் பழகினதால எவ்வளவு ஏறுச்சுன்னு பிரிச்சுப் பார்க்க முடிஞ்சது.

மலர், உங்க 90 பேர் எத்தனாவது வரைக்கும் படிச்சாங்கன்னு கேட்டீங்களா?

நர்ஸ்_கவி: நானும் இதே மாதிரி மாட்டியிருக்கேன். சுகர் பேஷண்ட்ஸ்கிட்ட உணவு பழக்கம் பத்தி க்ளாஸுக்கு முன்னாடி ஒரு ஃபார்ம், 3 மாசம் கழிச்சு ஒரு ஃபார்ம் வாங்கினேன், பேர் எழுத வேணாம்னு சொல்லிட்டேன். இப்ப முதல்ல 60, ரெண்டாவது 41 இருக்கு, எது யாரோடதுன்னு தெரியல. பேர்டு டி டெஸ்ட் போடலாமா?

பழைய_வாத்தியார்: போட முடியாதும்மா, ஜோடி சேர்க்க வழியே இல்ல. கையில இருக்கறது ரெண்டு நேரத்துல எடுத்த ரெண்டு கூட்டம். வராம போன 19 பேர் சாப்பாட்டைக் கட்டுப்படுத்த முடியாம நின்னவங்களா இருந்தா, ஒருத்தர்கூட மாறாமலே சராசரி நல்லா ஆன மாதிரி தெரியும். அடுத்த தடவை பேருக்குப் பதிலா அம்மா பேரோட முதல் எழுத்து, பிறந்த தேதி, போன் நம்பர்ல கடைசி 2 எண், இதைச் சேர்த்து ஒரு கோட் எழுதச் சொல்லுங்க, 3 மாசம் கழிச்சும் அதையேதான் எழுதுவாங்க. நின்னவங்களோட முதல் ஃபார்மையும் தொடர்ந்தவங்களோட முதல் ஃபார்மையும் அப்ப ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மலர்_சைக்: நல்லவேளை படிப்பு கேட்டிருந்தேன், ஆனா பயன்படுத்தவே இல்ல. இப்ப எண்ணிப் பார்த்தா 60கள்ல 17 பேர் எட்டாவது தாண்டல, 20கள்ல எல்லாருமே ப்ளஸ் டூக்கு மேல. டிகிரி படிச்சவங்களை மட்டும் எடுத்து ஒப்பிட்டா சரியாகுமா? 60கள்ல 6 பேர்தான் இருக்காங்க.

பழைய_வாத்தியார்: 6 பேரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. 5 மாசம் இருக்கறதால 60கள்ல டிகிரி படிச்சவங்க இன்னும் 20, 25 பேரைத் தேடிச் சேருங்க, டிசைன் க்ராஸ் செக்‌ஷனலாவே இருக்கட்டும். "குறைகிறது"ங்கற இடத்துல எல்லாம் "இந்த வயதுக் குழுக்களுக்கு இடையே வித்தியாசம் இருக்கிறது"ன்னு மாத்துங்க. லாங்கிட்யூடினல்தான் வேணும்னா 5 மாசத்துக்குள்ள நிஜமாவே மாறக்கூடிய விஷயத்தைப் பிடிக்கணும், ஹாஸ்டலுக்குப் புதுசா வந்த பிள்ளைங்க தூக்கம் மாதிரி. அதுக்கு 3 தடவை எடுத்தாலே நல்லா தெரியும், ஆனா முதல் தடவை அவங்க வந்த வாரத்துலயே எடுக்கணும்.

குமரன்: 4 மாசம்னு நான் சொன்னது தப்புதான். ஆனா ஒரு சந்தேகம், அந்தக் காலத்துல டிகிரி முடிச்சவங்க ரொம்ப கொஞ்சம் பேர், இப்ப தெருவுக்குப் பத்து பேர். ரெண்டு டிகிரியும் ஒண்ணா?

பழைய_வாத்தியார்: ஒண்ணு இல்ல. அப்படி ஒப்பிட்டா பெரியவங்க பக்கம் பொறுக்கி எடுத்த ஆளுங்களா ஆயிடுவாங்க, வித்தியாசம் இருக்கறதைவிட கம்மியாத் தெரியலாம். மலர், ரெண்டு கணக்கையுமே போட்டுக் காட்டுங்க, 90 பேரோடது ஒண்ணு, டிகிரிக்காரங்களோடது ஒண்ணு. நிஜம் ரெண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கலாம், எங்கன்னு இந்த டேட்டா சொல்லாது.

மலர்_சைக்: ரிடையர் ஆன டீச்சர்ஸ் சங்கத்துல நாளைக்குக் கேட்கறேன். ஆனா எல்லாருமே டீச்சரா இருந்தா அதுலயும் ஒரு சாய்வு வருமே?