வித்தியாசம் 4,950: டிரையல் பேலன்ஸ் சேராத அனுபவங்களைப் பகிருங்கள்

பேரேட்டுக்காரர்:
கையால் எழுதும் கணக்குப் புத்தகங்களில் டிரையல் பேலன்ஸ் சேராமல் போய், காரணத்தைத் தேடிப் பிடித்தவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் நான் பார்த்த ஒன்று.

டெபிட் மொத்தம் 8,46,275. கிரெடிட் மொத்தம் 8,41,325. டெபிட் 4,950 கூடுதல். கூட்டலைக் கீழிருந்து மேலாக இன்னொரு முறை போட்டேன், சரியாகத்தான் இருந்தது. லெட்ஜரில் உள்ள ஒவ்வொரு இருப்பும் பட்டியலுக்கு வந்திருக்கிறதா என்று டிக் அடித்துப் பார்த்தேன், எதுவும் விடுபடவில்லை. அப்படியானால் பிழை லெட்ஜருக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து 4,950 என்ற தொகையையே தேடினேன். ஒரு பக்கம் மட்டும் போஸ்ட் ஆகி மறுபக்கம் விட்டுப்போயிருந்தால் அதே தொகை எங்காவது நிற்கும். இல்லை. பிறகு அதில் பாதி, 2,475. கிரெடிட்டில் விழவேண்டியது டெபிட்டில் விழுந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் பாதியைத் தேடவேண்டும். பழுதுபார்ப்புச் செலவில் 2,475 கிடைத்தது! வவுச்சரை எடுத்துப் பார்த்தால் அது டெபிட்டில் சரியாகவே இருந்தது. தொகை ஒத்துப்போவதால் மட்டும் அதுவே பிழை ஆகிவிடாது.

கடைசியில் 9-ஆல் வகுத்தேன். 550 வந்தது, மீதி இல்லை. கேஷ் புக்கில் வரவு வைத்திருந்த கமிஷன் 5,500, லெட்ஜரில் கமிஷன் கணக்கில் 550 என்று ஏறியிருந்தது. ஒரு பூஜ்யம் போய்விட்டது, கிரெடிட் 4,950 குறைந்துவிட்டது.

வரவுசெலவு:
9-இல் மீதியில்லாமல் வகுபட்டாலே இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்றுதான் அர்த்தம். வேறு எதையும் பார்க்கவே வேண்டாம், நேராக 45-க்கு 54 என்று எழுதிய இடத்தைத் தேடினால் போதும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

மூத்த எழுத்தர்:
தம்பி, பாதி சரி. பேரேட்டுக்காரர் சொன்ன கதையையே பாருங்கள், அதில் எந்த இலக்கமும் இடம் மாறவில்லை. தொகை ஒரு தானம் கீழே இறங்கியிருக்கிறது. அதுவும் 9-இல் வகுபடும். இரண்டையும் பிரித்தறிய ஈவைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் ஈவு ஒரே இலக்கமாக இருக்கும், பின்னால் பூஜ்யங்கள் வரலாம்: 6, 60, 600 இப்படி. இங்கே வந்தது 550, அதனால் பக்கத்து இலக்க மாற்றம் ஒன்றே ஒன்று நடந்து இது வந்திருக்க முடியாது. தானம் இறங்கியதென்றால் ஈவே லெட்ஜரில் தப்பாக ஏறிய தொகை. 550-ஐத் தேடியிருந்தால் நேராக அந்த வரிக்கே போயிருக்கலாம்.

இன்னொன்று. எந்த எண்ணை எடுத்தாலும் 9-இல் வகுபட ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. அதைத் தடயமாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

என் அனுபவத்தில் மிகவும் அலைக்கழித்தது ஒருபக்கப் பதிவுதான். ஒரு மாதக் கணக்கில் டெபிட் 1,385 குறைவு. 1,385 என்ற தொகை எந்த வவுச்சரிலும் இல்லை, எந்தக் கணக்கிலும் இல்லை, 9-இலும் வகுபடவில்லை. விஷயம் என்னவென்றால், கேஷ் புக்கில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த தள்ளுபடிக்குத் தனிப் பத்தி இருக்கும். ஒருவர் 10,000 தரவேண்டியதற்கு 9,800 கட்டினால் அவர் கணக்கில் 10,000-ம் வரவு வைத்துவிடுவோம். அந்த 200 மட்டும் பத்தியில் சேர்ந்துகொண்டே வந்து, மாதக் கடைசியில் மொத்தமாகத்தான் தள்ளுபடிக் கணக்குக்குப் போகும். அந்த மொத்தத்தைப் போஸ்ட் பண்ண விட்டிருந்தார்கள். தனித்தனிப் பதிவுகளில் எவ்வளவு தேடினாலும் அது கிடைக்காது. பத்தி மொத்தங்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் லெட்ஜர் பக்க எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்தபோதுதான் வெறுமையாக இருந்த அந்த இடம் தெரிந்தது.

புதுவரவு:
எங்கள் அலுவலகத்திலும் இதே பிரச்சினை. வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஒரு இருப்பு, கேஷ் புக்கில் வேறு இருப்பு. இதையும் 9-ஆல் வகுக்கவேண்டுமா?

பேரேட்டுக்காரர்:
அது வேறு விஷயம். வங்கிக்குப் போய்ச் சேராத காசோலை, வங்கி பிடித்த கட்டணம் இவற்றால் அந்த வித்தியாசம் வரும். அது இருந்தாலும் டிரையல் பேலன்ஸ் சேர்ந்தே நிற்கும். வங்கிச் சரிக்கட்டுப் பட்டியல் போட்டுப் பாருங்கள்.

ஆடிட் பழகுபவள்:
சார், எனக்குக் கிடைத்ததில் எந்தத் தடயமும் வேலை செய்யவில்லை. டெபிட் 1,790 குறைவு. 9-இல் வகுபடாது. பாதி 895, எங்கும் இல்லை. எல்லாப் பதிவையும் முதலிலிருந்து டிக் அடிக்க ஆரம்பிக்கலாம் என்று நினைத்தபோது எங்கள் சீனியர் அக்கா தடுத்தார். "முதலில் எந்தப் பகுதி என்று ஒதுக்கு" என்றார்.

வாடிக்கையாளர்களின் தொடக்க நிலுவையோடு விற்பனை ஏட்டு மொத்தத்தைக் கூட்டி, வசூல், தள்ளுபடி, திரும்பிய சரக்கு மூன்றையும் கழித்தோம். வந்த விடை, தனித்தனி நிலுவைகளின் கூட்டலைவிட 1,250 அதிகம். விற்பனை ஏட்டில் இருந்த 1,250-க்கான பில் ஒன்று வாடிக்கையாளர் கணக்குக்குப் போகவேயில்லை. அதை ஏற்றியதும் மீதி 540. இப்போது 9-இல் வகுபட்டது, ஈவு 60! அதாவது பத்தாம் தானமும் நூறாம் தானமும் மாறியிருக்கிறது, இரண்டு இலக்கத்துக்கும் இடையே 6. செலவுக் கணக்குகளில் மட்டும் தேடினேன். 3,820 என்பது 3,280 என்று ஏறியிருந்தது. இரண்டு பிழைகள் கலந்தால் ஒன்றின் அடையாளத்தை மற்றொன்று மறைத்துவிடுகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மூத்த எழுத்தர்:
அருமையாகப் பிடித்திருக்கிறாய் அம்மா. இரண்டு பிழைகளும் எதிரெதிர்ப் பக்கம் ஒரே தொகைக்கு விழுந்திருந்தால் வித்தியாசமே தெரிந்திருக்காது. வாடிக்கையாளர் நிலுவையை இப்படி ஒப்பிடுவதை டிரையல் பேலன்ஸ் சேர்ந்த மாதத்திலும் விடாதே.

வரவுசெலவு:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்னத் தொகைக்கு இவ்வளவு தேடவேண்டுமா? சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வேலையைத் தொடரலாமே.

மூத்த எழுத்தர்:
போடலாம், பிழை கிடைக்கும்வரை. ஆனால் தொகை சின்னது என்பதால் பிழையும் சின்னது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பக்கம் 80,000 விட்டுப்போய், மறுபக்கம் 79,940 விட்டுப்போனாலும் தெரிவது 60-தான்.

வரவுசெலவு:
அப்படி நடப்பது அபூர்வம் சார். எல்லா மாதமும் அதற்காகக் கணக்கை மூடாமல் காத்திருக்க முடியாது. இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

புதுவரவு:
வங்கி விஷயம் புரிந்தது, நன்றி. இப்போது உண்மையிலேயே டிரையல் பேலன்ஸில் ஒரு வித்தியாசம்: 63.

ஆடிட் பழகுபவள்:
63-ஐ 9-ஆல் வகுத்தால் 7. இடமாற்றம்தான் என்றால், கடைசி இரண்டு இலக்கங்கள் மாறியிருக்கவேண்டும், அவற்றின் வித்தியாசம் 7. அப்படிப்பட்ட ஜோடிகள் மூன்றே மூன்று: 07-70, 18-81, 29-92. இவற்றில் முடியும் தொகைகளை மட்டும் வவுச்சரோடு ஒப்பிடுங்கள். வெறும் 63-ம் எங்காவது தனியாக நிற்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

புதுவரவு:
தனியாக 63 எங்கும் இல்லை. 18, 81, 29, 92, 70-இல் முடிபவை எல்லாம் வவுச்சரோடு சரியாக இருக்கின்றன. 07-இல் முடிவது ஒன்றுமே இல்லை.

பேரேட்டுக்காரர்:
வவுச்சரை விட்டுவிட்டு, லெட்ஜரில் பக்கம் மாறும் இடங்களைப் பாருங்கள். கீழே எழுதிய மொத்தமும் அடுத்த பக்கத்தின் மேலே கொண்டுவந்த மொத்தமும் ஒன்றுதானா? அதற்கு வவுச்சரே கிடையாது, அதனால் நீங்கள் பார்த்த முறையில் அது அகப்படாது.

புதுவரவு:
அதை இன்னும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.