ஆண்டுக் கட்டணத் தள்ளுபடி: ஸ்டேட்மென்ட் கூட்டலில் இலக்கு தாண்டியும் 5,600 குறைகிறதாம்

நெல்லைவாசி: கார்டு 2024 ஆகஸ்ட் 12-ல் கிடைத்தது. ஸ்டேட்மென்ட் மாதாமாதம் 20-ம் தேதி. ஆண்டுக்கு 1 லட்சம் செலவழித்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் 499 (ஜிஎஸ்டி தனி) கிடையாது. இந்த ஜூலை 20 வரையான 12 ஸ்டேட்மென்ட்டிலும் ‘Purchases & Other Debits’ தொகையைக் கூட்டினால் 1,04,300 வருகிறது. சேவை மையத்திலோ இன்னும் 5,600 சொச்சம் வேண்டும் என்கிறார்கள். எங்கே இடிக்கிறது?

பாலா_77: நிதியாண்டுக் கணக்காக இருக்கும். ஏப்ரல் முதல் கூட்டிப் பாருங்க.

கணக்கர்: இல்லைங்க பாலா, கார்டு கொடுத்த தேதியிலிருந்துதான் ஆண்டு ஓடும். இவருக்கு 2025 ஆகஸ்ட் 11 வரை. சிக்கல் அந்த வரியிலேயே இருக்கிறது. வங்கி போட்ட கட்டணம், வட்டி, ஜிஎஸ்டி எல்லாம் அதில் சேரும். திருப்பிக் கொடுத்த பொருளின் பணமோ அங்கே கழியாது; நீங்கள் பில் கட்டிய தொகையோடு கலந்து வரவுப் பக்கம் போய்விடும். முதல் ஆண்டுக் கட்டணம், ரீஃபண்ட், பெட்ரோல் மூன்றும் எவ்வளவு?

நெல்லைவாசி: கட்டணம் ஜிஎஸ்டியோடு 589, மிக்ஸி ரீஃபண்ட் 3,150, பெட்ரோல் 6,200. வாடகை, வாலட் எதுவும் இல்லை.

கணக்கர்: மூன்றையும் கழித்தால் 94,361. குறைவது 5,639. வங்கி சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆக உங்கள் கார்டில் பெட்ரோலைக் கணக்கில் எடுப்பதில்லை. இனி மொத்தத் தொகையை நம்பாமல் வரிவரியாக ஷீட்டில் ஏற்றுங்கள். A-யில் தேதி, B-யில் கடை, C-யில் தொகை (ரீஃபண்டுக்கு முன்னால் மைனஸ்), D-யில் கணக்கில் வந்தால் Y, வராவிட்டால் N.

```
=SUMIFS(C:C,A:A,">="&DATE(2024,8,12),A:A,"<="&DATE(2025,8,11),D:D,"Y")
```

ஆகஸ்ட் 20 ஸ்டேட்மென்ட்டில் 12-ம் தேதி முதல் உள்ளவை அடுத்த ஆண்டுக்குப் போகும். சூத்திரம் அதைத் தானே பிரித்துவிடும்.

தேன்மொழி: எனக்கு இலக்கு தாண்டியும் கட்டணம் போட்டுட்டாங்க. அடுத்த ஸ்டேட்மென்ட்ல திரும்ப வரவு வெச்சாங்க. அதனால பயப்படாதீங்க.

கணக்கர்: அது இலக்கை எட்டியவர்களுக்கு, தேன்மொழி. இவர் இன்னும் எட்டவில்லை. இன்னொன்று: வாங்கியதை இஎம்ஐ-யாக மாற்றியிருந்தால் முழுத்தொகை ஒரு வரி, தவணைகள் தனித்தனி வரி என்று இரண்டு முறை ஏறும். ஒன்றுக்கு மட்டும் Y போடுங்கள். எதை வங்கி எடுக்கிறது என்பதைக் கார்டின் விதிமுறையில் பாருங்கள்.

நெல்லைவாசி: இஎம்ஐ இல்லை. ஆகஸ்ட் 10-ல் 6,000-க்கு மளிகை வாங்கினால் போதுமா?

கணக்கர்: வேண்டாம். கடைக்காரர் கணக்கு முடித்து வங்கியில் பதிவாக இரண்டு மூன்று நாள் ஆகலாம். பல வங்கிகள் பதிவான தேதியைத்தான் பார்க்கும். 5-ம் தேதிக்குள் முடியுங்கள். எப்படியும் வாங்க இருந்ததை மட்டும் வாங்குங்கள். 589 மிச்சம் பிடிக்க வேண்டாததை வாங்குவது நஷ்டம்.

பாலா_77: தேய்த்த தேதிதான் கணக்குன்னு என் வங்கியில சொன்னாங்களே?

கணக்கர்: உங்கள் வங்கியில் அப்படி இருக்கலாம். நெல்லைவாசி, உங்கள் வங்கியிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.