பாட்டு வரிக்குப் பதில் சொல்ல வேண்டிய குழல், வரியையே மூடிவிடுகிறது. எங்கே வெட்டுவது?

கீபோர்டு_தம்பி:
மோகனத்தில் ஒரு மெல்லிசைப் பாட்டு. பெண் குரல், 5 கட்டை, வேகம் 80. பல்லவியில் நான்கு வரி, வரிக்கு எட்டு பீட். பின்னால் போக ஒரு குழல் பகுதி எழுதி, நண்பரை வாசிக்க வைத்துப் பதிவு செய்தேன். குழலைத் தனியாகக் கேட்டால் அருமை. குரலோடு சேர்த்தால் சொற்கள் புரியவில்லை. குழலின் சத்தத்தைக் குறைத்தேன், 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவில் வெட்டினேன். குழல்தான் மங்கியது, குழப்பம் போகவில்லை.

ரீவெர்ப்_ராஜா:
குரலும் குழலும் ஒரே ஸ்தாயியில் இருக்கும். குழலை ஒரு ஸ்தாயி ஏற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

கச்சேரி_ரசிகை:
கச்சேரியில் வயலின் பாட்டு முழுக்கக் கூடவே வருகிறதே, அங்கே யாருக்கும் சொல் புரியாமல் போவதில்லையே?

பழைய_அரேஞ்சர்:
அம்மா, கச்சேரி வயலின் பாடுபவர் போகும் வழியிலேயே நிழலாகப் போகிறது. ஸ்வரம் ஒன்றுதான் என்பதால் காதுக்கு அது ஒரே வரி. தம்பி எழுதியிருப்பது வேறொரு மெட்டு. இரண்டு மெட்டு ஒரே நேரத்தில் நகர்ந்தால் காது எதைப் பிடிக்கும்? ஸ்தாயியை ஏற்றுவது பாதி மருந்து. நீட்டிப் பிடிக்கும் ஸ்வரத்துக்கு நல்லது. ஓடும் சங்கதியை மேலே ஏற்றினால் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும்.

தம்பி, சொல் எந்த பீட்டில் முடிகிறது, அடுத்த வரி எங்கே எடுக்கிறது? முதல் வரியின் கடைசி ஸ்வரங்களையும் போடுங்கள்.

கீபோர்டு_தம்பி:
கடைசி அசை 5-ஆம் பீட்டில் விழுகிறது. அடுத்த வரி 8½-இலேயே எடுப்பு, ரி-யில். முதல் வரி "க ப த ப" என்று முடிகிறது. இரண்டாவது ச-வில். மூன்றாவது முதல் வரி மாதிரியே. நான்காவதில் கடைசி "ஆ" நாலு பீட் நீளும். குழல் முதல் பீட்டிலிருந்தே ஓடுகிறது.

பழைய_அரேஞ்சர்:
அப்படியானால் உங்களிடம் இருக்கும் இடம் 6 முதல் 8 வரைதான், ஒன்றரை நொடி. ஐந்தரையிலேயே நுழையாதீர்கள், கடைசி அசை காதில் இறங்கட்டும். பாடுபவர் விட்ட "த ப"-வையே எடுங்கள்: 6-இல் த, 6½-இல் ப, 7-இல் க ஒரு பீட் நீளம். 8-இல் நிறுத்திவிடுங்கள். அந்த அரை பீட் அவர் மூச்செடுக்க. நீங்கள் க-வில் விட்டால் அவர் ரி-யில் எடுப்பது இயல்பாகச் சேரும். ச வரை இறக்கி முடிக்க ஆசை வரும். இறக்கினால் பாட்டே முடிந்த மாதிரி ஆகி, இரண்டாவது வரி ஒட்டாமல் நிற்கும்.

இரண்டாவது வரி தானே ச-வில் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே பதில் வேண்டாம், தபலா மட்டும் போகட்டும். எல்லா இடைவெளியையும் நிரப்பினால் மூன்றாவது தடவை கேட்பவருக்கு எரிச்சல்தான். மூன்றாவதில் அதே தாளக்கட்டு, ஆனால் "த ச ரி" என்று மேலே தார ஸ்தாயிக்குப் போங்கள். நான்காவதில் "ஆ" நீளும்போது குழல் தாராளமாக ஓடலாம். குரல் அசையாமல் நிற்கிறது, சொல்லும் மாறவில்லை. குரல் நகரும்போது குழல் நிற்க வேண்டும், குரல் நிற்கும்போது குழல் நகரலாம்.

வீணை_வீட்டில்:
எனக்கும் இதே பிரச்சினை. இடையிசையில் வீணை பதினாறு பார் வாசிக்கிறேன், பாட்டோடு ஒட்டவில்லை.

பழைய_அரேஞ்சர்:
அங்கே குரலே இல்லையே, மூடுவதற்கு என்ன இருக்கிறது! பல்லவியின் முதல் வரித் தாளக்கட்டை வீணையின் முதல் இரண்டு பாரில் வைத்துப் பாருங்கள். மீதியைக் கேட்க இங்கே தனி இழை தொடங்குங்கள்.

கீபோர்டு_தம்பி:
மாற்றிப் பதிந்தோம் அண்ணா. ஈக்யூ எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், குழல் பழைய சத்தத்திலேயே இருக்கிறது, ஆனால் சொல் தெளிவு. போன் ஸ்பீக்கரில் மெதுவாக வைத்து அம்மாவிடம் கொடுத்தேன், வரியைத் திருப்பிச் சொன்னார். நான்காவது வரியில் மட்டும் குழல் "ஆ" முடிந்தும் நிற்காமல் அடுத்த எடுப்பில் இடிக்கிறது.

இன்னொன்று. சரணத்தில் இடைவெளியே இல்லை, எட்டு பீட்டும் சொல். அங்கே?

பழைய_அரேஞ்சர்:
நான்காவதில் கடைசி இரண்டு ஸ்வரத்தை வெட்டுங்கள். சரணத்தில் குழல் வேண்டாம். கீழே ப-வை நீளமாகப் பிடிக்கும் ஸ்ட்ரிங்ஸ் போதும்.

ரீவெர்ப்_ராஜா:
எனக்கு ஒப்புதல் இல்லை. சரணம் மொட்டையாகிவிடும். பாடலாசிரியரிடம் மூன்றாவது வரியில் ஒரு சொல்லைக் குறைக்கச் சொல்லுங்கள், இரண்டு பீட் கிடைக்கும்.

கீபோர்டு_தம்பி:
எழுதியவர் என் மாமா. கேட்டுப் பார்க்கிறேன், கொடுப்பாரா தெரியாது.