எபிரேய ‘கீ’: காரண இடைச்சொல் என்ற பெயர் போதுமா?

அகராதி தொகுப்பவர்:
எபிரேய இலக்கணச் சொற்பட்டியலில் ‘கீ’ என்னும் இடைச்சொல்லுக்குப் பெயர் வேண்டும். இப்போதைக்குக் ‘காரண இடைச்சொல்’ என்று குறித்திருக்கிறேன். ஆதியாகமத்தின் கதைப் பகுதிகளுக்கு அது பொருந்துமா?

மொழிபெயர்ப்பாளர்:
தாராளமாகப் பொருந்தும். பெரும்பாலும் ‘ஏனெனில்’தான். நான் எங்கே கண்டாலும் அப்படியே போட்டுவிடுகிறேன். மீதியை வாசகர் ஊகித்துக்கொள்வார்.

எபிரேயம் கற்பிப்பவர்:
வாசகர் பாவம், ஐயா! 6:1இல் ‘ஏனெனில்’ போட்டால் கதை தொடங்கும் முன்பே காரணம் வந்து நிற்கும். அங்கே ‘நடந்தது’ என்ற வினையை அடுத்துக் கீ வருகிறது. ஆகவே ‘மனிதர் பெருகத் தொடங்கியபோது’ என்றுதான் பொருள். 1:4இல் ‘கண்டார்’ என்ற வினைக்குப் பின் வருவதால் ‘நல்லது என்று கண்டார்’ ஆகிறது. முன்னால் என்ன நிற்கிறது என்று பார்க்காமல் கீக்குப் பொருள் சொல்ல முடியாது.

18:15ஐப் பாருங்கள். ‘நான் சிரிக்கவில்லை’ என்று சாராள் மறுக்கிறாள். கீ, அவள் பயந்திருந்தாள். இது கதைசொல்லி தரும் காரணம். உடனே மறுமொழி: ‘இல்லை, கீ சிரித்தாய்.’ இங்கே ‘ஏனெனில்’ போட்டால் வாக்கியமே நொண்டும். மறுப்பை அடுத்து வருவதால், ‘அப்படியல்ல, நீ சிரிக்கத்தான் செய்தாய்’ என்பதே கருத்து. 11ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியும் இந்த இரண்டு கீக்கும் வெவ்வேறு பொருளே சொல்கிறார்.

இந்தி தெரிந்த உறுப்பினர்:
‘உஸ்னே கஹா கி’ என்கிறோமே, அந்தக் ‘கி’ இங்கிருந்து போனதுதானே?

எபிரேயம் கற்பிப்பவர்:
இல்லை. ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான்.

தமிழாசிரியை:
தொல்காப்பியர் உம்மைக்கு எட்டுப் பொருள் சொன்னார். அதற்காக அதை ‘எண் இடைச்சொல்’ என்று அழைத்துவிடவில்லை. உம்மை உம்மையாகவே நிற்க, எண்ணும்மை, எதிர்மறை உம்மை என்று பொருள் முன்னால் ஒட்டிக்கொள்கிறது. இதையும் அப்படியே ‘காரணக் கீ’, ‘காலக் கீ’ என்று வைக்கலாமே. சாராளிடம் சொன்னது ‘தேற்றக் கீ’. தேற்றேகாரம் நமக்குப் பழகியதுதான்.

அகராதி தொகுப்பவர்:
அருமை, அம்மா. 1:4க்குக் ‘கூற்றுக் கீ’ எனலாமா?

தமிழாசிரியை:
அங்கே யாரும் பேசவில்லையே! கண்டது கூற்றாகுமா?

எபிரேயம் கற்பிப்பவர்:
29:32இல் இன்னும் சிக்கல். லேயாள் மகனுக்கு ரூபன் என்று பெயரிட்டாள். ‘கீ சொன்னாள்: கீ கர்த்தர் என் சிறுமையைப் பார்த்தார், கீ இப்போது என் கணவர் என்னை நேசிப்பார்.’ முதலாவது காரணக் கீ, ஐயமில்லை. இரண்டாவது ‘சொன்னாள்’ என்பதை அடுத்து வருவதால் பேச்சைத் தொடங்கிவைக்கும் வெறும் அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் தமிழில் முடிவில் வரும் ‘என்று’ போதும், தனிச்சொல் தேவையில்லை. ‘நிச்சயமாகப் பார்த்தார்’ என்று லேயாள் அழுத்திச் சொல்வதாகவும் கொள்ளலாம். நான் அழுத்தத்தின் பக்கம்.

மொழிபெயர்ப்பாளர்:
மூன்றாவதாவது ‘ஏனெனில்’தானே?

எபிரேயம் கற்பிப்பவர்:
கணவர் நேசிக்கப்போவது, கர்த்தர் பார்த்ததற்குக் காரணமா, விளைவா? நீங்களே சொல்லுங்கள்.

அகராதி தொகுப்பவர்:
காரணம், காலம், தேற்றம் மூன்றையும் பதிந்துவிட்டேன். 1:4க்குரிய கட்டம் காலியாக இருக்கிறது; பெயர் தோன்றினால் எழுதுங்கள்.